சத்தமும் செக்-இன் தாமதமும்: உங்கள் முறைப்பாட்டுக்கு எங்கள் பதில்

வணக்கம் ஐயா,

எங்கள் விடுதியில் தங்கியதைப் பற்றி நீங்கள் எழுதிய மதிப்புரையை நேற்றிரவு வாசித்தேன். வாசித்த உடனே பதில் எழுத வேண்டாம், முதலில் இங்கே வேலை செய்கிறவர்களிடம் கேட்டுப் பார்ப்போம் என்று காலைவரை வைத்திருந்தேன். கேட்டும் பார்த்துவிட்டேன். நீங்கள் சொன்னதில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் உண்மை. அந்த ஒன்றைப் பிறகு சொல்கிறேன், முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன்.

வவுனியாவிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு, வயதான அம்மாவையும் சின்னப் பிள்ளையையும் வேனில் வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்தவர்களை இரண்டு மணியிலிருந்து நாலு மணி பத்து நிமிடம் வரை வாசலில் உட்கார வைத்தது பெரிய பிழை. அதிலும் அம்மாவை அந்தப் பிளாஸ்டிக் கதிரையில், மழைச்சாரல் அடிக்கிற பக்கத்தில். இதை நீங்கள் எழுதித்தான் நான் தெரிந்துகொண்டேன் என்பது எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் அந்த நேரம் நான் மஸ்கெலியாவுக்குச் சாமான் எடுக்கப் போயிருந்தேன். அம்மாவிடம் என் சார்பில் மன்னிப்புச் சொல்லுங்கள்.

ஏன் அப்படி நடந்தது என்று சொல்கிறேன். போயாவை ஒட்டிய சனி ஞாயிறு நல்லதண்ணியில் எப்படி இருக்கும் என்று நீங்களே பார்த்தீர்கள். முதல் நாள் இரவு எங்களிடம் தங்கியவர்கள் எல்லாரும் சிவனொளிபாத மலைக்குப் போனவர்கள். சூரிய உதயம் பார்த்துவிட்டு ஐந்தாயிரத்துக்கு மேற்பட்ட படியை இறங்கி, முழங்கால் நடுங்க நடுங்க வந்து சேரவே ஒன்பது, பத்து மணியாகிவிடும். சிலர் மதியம் வருவார்கள். பதினொரு மணிக்கு அறையைக் காலி செய்யுங்கள் என்று சட்டம் போட்டிருந்தாலும், காலில் வலித் தைலம் பூசிக்கொண்டு படுத்திருக்கிற எழுபது வயது ஆளை எழுப்பி வெளியே போகச் சொல்ல என் பிள்ளைகளுக்கு மனம் வராது, எனக்கும் வராது. அன்றைக்கு மட்டும் ஐந்து அறை ஒரு மணிக்குப் பிறகுதான் காலியாகின. அதற்குப் பிறகு விரிப்பு மாற்றி, குளியலறை கழுவி, ஈரம் காய்ந்து எடுப்பதற்குள் நாற்பது பேர் கொண்ட ஒரு பஸ் கூட்டம் வேறு வந்து இறங்கிவிட்டது. ரிசெப்ஷனில் இருந்த தம்பி ஒவ்வொருவருடைய அடையாள அட்டையையும் வாங்கிப் புத்தகத்தில் கையால் எழுதியிருக்கிறான். நீங்கள் அந்த வரிசையின் கடைசியில் மாட்டிக்கொண்டீர்கள்.

ஆனால் அறை தாமதமானதைவிட, "இன்னும் பத்து நிமிடம்" என்று நாலு தடவை சொன்னதுதான் உங்களுக்குக் கோபம் வரக் காரணம் என்று நினைக்கிறேன். அது நியாயமான கோபம். நாலு மணியாகும் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நீங்கள் சாப்பிடப் போயிருப்பீர்கள், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஆற்றுப் பக்கமாவது நடந்திருப்பீர்கள். தம்பி அலட்சியமாகப் பேசினான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவனுக்கு இது முதல் சீசன், அன்று தனியாக நின்றான், என்ன சொல்வது என்று தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டு எழுதியிருக்கிறான். போயா நாளில் ஒருவனைத் தனியாக விட்டுப்போனது நான். அந்தப் பழியை என்மேல் போடுங்கள், அவன்மேல் வேண்டாம்.

சரி, அந்த ஒன்று. உங்கள் அறையைக் கூடுதல் காசுக்கு பஸ் கூட்டத்துக்குக் கொடுத்துவிட்டு உங்களுக்கு வேறு அறை தந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி நடக்கவில்லை ஐயா. உங்களுக்கு முதலில் ஒதுக்கிய 11ஆம் அறையின் சுடுதண்ணிக் குழாய் அன்று காலையில் கசிந்தது, இந்தக் குளிரில் அம்மாவுக்கு அந்த அறை சரிவராது என்று 6ஆம் அறைக்கு மாற்றினார்கள். மாற்றியதை உங்களிடம் சொல்லவில்லை, அதனால் நீங்கள் அப்படி நினைத்ததில் தவறில்லை. ஆனால் காசுக்காக ஒருவருடைய அறையை இன்னொருவருக்கு விற்கிற இடம் இது இல்லை என்பதை மட்டும் இங்கே எல்லாரும் பார்க்கச் சொல்லிக்கொள்கிறேன்.

அந்த 6ஆம் அறையால்தான் இரவுத் தூக்கமும் கெட்டது. அது படிக்கட்டுக்கு நேர் கீழே இருக்கிறது. மேல் மாடி பழைய பலகைத் தளம், யாராவது சப்பாத்து போட்டுக்கொண்டு நடந்தால் கீழே படுத்திருப்பவருக்குத் தலைக்குமேல் மரம் கொத்துவது மாதிரிக் கேட்கும். உங்கள் முறைப்பாட்டைப் பார்த்த பிறகு நேற்று நானே அந்தக் கட்டிலில் படுத்துப் பார்த்தேன். ஒன்றரை மணிக்கு, மலை ஏறுகிறவர்களை எழுப்ப மேல் மாடியில் முதல் கதவு தட்டின சத்தத்தில் எழும்பினவன்தான், பிறகு கண் மூடவில்லை. கதவு தட்டுகிறார்கள், ஒருவர் மற்றவரைக் கூப்பிடுகிறார், டோர்ச் எங்கே என்று தேடுகிறார்கள், முன்பக்க இரும்புக் கேட் ஒவ்வொரு தடவையும் "டங்" என்று அடிக்கிறது, வெளியே பஸ் ஸ்டார்ட் போட்டபடி நிற்கிறது. அந்தக் கேட் சத்தம் எனக்குப் பதினெட்டு வருசமாகப் பழகிப்போனது, அதனால் காதில் விழாமலே போயிருக்கிறது.

செய்ததையும் செய்யப்போவதையும் சொல்கிறேன். கேட்டில் இன்று காலை றப்பர் பட்டி அடித்தாயிற்று. மேல் மாடி நடைபாதை முழுக்கத் தும்பு விரிப்புப் போட மஸ்கெலியாவில் சொல்லியிருக்கிறேன், இந்த வாரம் வந்துவிடும். இரவில் கதவு கதவாகத் தட்டி எழுப்புகிற பழக்கத்தை நிறுத்தி, எழுப்பச் சொல்கிறவர்களுக்குப் போன் மட்டும் எடுக்கிறோம். பஸ்களை வாசலில் நிற்க விடுவதில்லை, ஆட்கள் சந்தி வரைக்கும் நடந்துபோய் ஏறட்டும். பின்பக்கம் தேயிலை மலையைப் பார்த்த நாலு அறையும் இனி மலை ஏறாதவர்களுக்கும் சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கும்தான், புக்கிங் எடுக்கும்போதே இதைக் கேட்போம். போயா நாட்களில் ரிசெப்ஷனில் இரண்டு பேர், அடையாள அட்டை விபரத்தை முதல் நாளே போனில் வாங்கிவிடுவோம். அறை தயாராகாவிட்டால் சரியான நேரத்தைச் சொல்லி, பயணப் பைகளை வாங்கி வைத்து, சாப்பாட்டு மண்டபத்தில் இஞ்சித் தேநீரோடு உட்கார வைப்போம்.

ஒன்று மட்டும் பொய் சொல்ல மாட்டேன். டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரைக்கும் இந்த ஊரில் இரவு ஒரு மணிக்குப் பிறகு முழு அமைதி கிடைக்காது. பாட்டுச் சொல்லிக்கொண்டு போகிறவர்களை, கைத்தடியோடு பாட்டியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு போகிற பேரனை, சத்தம் போடாதே என்று நான் தடுக்க முடியாது. சைவர்கள், பௌத்தர்கள், கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள் எல்லாருக்கும் அது அவரவர் மலை. வருகிறவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். இனிச் சொல்வோம்.

முதல் இரவுக்கு வாங்கிய பணத்தில் பாதியை நீங்கள் முற்பணம் அனுப்பிய அதே கணக்குக்கு இன்று போட்டுவிட்டேன், வந்து சேர்ந்ததா என்று பாருங்கள். மதிப்புரையை அழிக்கச் சொல்லவோ நட்சத்திரத்தைக் கூட்டச் சொல்லவோ இதை அனுப்பவில்லை, அது அப்படியே இருக்கட்டும், அடுத்தவர்களுக்கு உதவும்.

அப்புறம், பிள்ளையின் நீல நிறக் கம்பளித் தொப்பி 6ஆம் அறைக் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. கழுவிக் காயப்போட்டு வைத்திருக்கிறோம். முகவரி அனுப்பினால் நாளைக்கே தபாலில் போட்டுவிடுகிறேன்.

இப்படிக்கு,
விடுதி உரிமையாளர், நல்லதண்ணி