பொருள்: மின் அளவு தவறாகப் பதிவானதால் வந்த கூடுதல் பில்லைத் திருத்தித் தரக் கோருதல்

16.10.2025

அனுப்புநர்
சு. முருகேசன்,
மளிகைக் கடை, 14, சந்தைத் தெரு.
மின் இணைப்பு எண்: 214-006-1187 (வணிகப் பயன்பாடு)

பெறுநர்
உதவிப் பொறியாளர் அவர்கள்,
மின் பகிர்மானப் பிரிவு அலுவலகம்.

ஐயா,

வணக்கம். என் கடைக்கு 10.10.2025 அன்று எடுத்த கணக்கீட்டில் 1,365 யூனிட் என்று ரூ.15,020-க்கு பில் வந்திருக்கிறது. போன முறை நான் கட்டியது ரூ.5,310. கடையில் ஒரு ஃப்ரீசர், ஒரு ஃபிரிட்ஜ், இரண்டு டியூப் லைட், ஒரு ஃபேன், எடை மெஷின் தவிர வேறு எதுவும் இல்லை. புதிதாக எதுவும் வாங்கவும் இல்லை.

வெள்ளை அட்டையிலும் பழைய ரசீதுகளிலும் இருந்து எடுத்து எழுதிய கணக்கு இது:

10.02.2025 – 17,030 (412 யூனிட்)
09.04.2025 – 17,516 (486 யூனிட்)
10.06.2025 – 18,001 (485 யூனிட்)
11.08.2025 – 18,462 (461 யூனிட்)
10.10.2025 – 19,827 (1,365 யூனிட்)

இன்று காலை 9 மணிக்கு மீட்டரைப் பார்த்தேன். அதில் இருப்பது 18,974. அதாவது, ஆறு நாளுக்கு முன்பே 19,827 ஓடிவிட்டதாகச் சொல்லும் எண்ணை மீட்டர் இன்னும் எட்டவே இல்லை. மீட்டர் பின்னோக்கி ஓடாது அல்லவா? ஆகஸ்ட் 11 முதல் இன்று வரை 66 நாளில் 512 யூனிட், நாளுக்கு 8 யூனிட்டுக்கும் கீழே. அந்தக் கணக்கில் அக்டோபர் 10 அன்று 18,927 வாக்கில்தான் இருந்திருக்கும். 18927 என்பதில் 8-ம் 9-ம் இடம் மாறி 19827 என்று பதிவாகிவிட்டது என்றே நினைக்கிறேன். அன்று கணக்கீட்டாளர் வந்தபோது கடையில் கூட்டம். அட்டையில் எழுதி வாங்க எனக்கு முடியவில்லை. மீட்டரில் கோளாறு இருப்பதாக நான் சொல்லவில்லை.

கவுண்டரில் கேட்டதற்கு, “இப்போது கட்டிவிடுங்கள், அடுத்த பில்லில் கழிந்துவிடும்” என்றார்கள். நான் இன்னும் எரிக்காத 853 யூனிட்டுக்கு இன்றே பணம் கட்டச் சொல்வது எப்படிச் சரியாகும்? அவ்வளவு ஓட பிப்ரவரி ஆகிவிடும். தீபாவளிக்கு நான்கு நாள்தான் இருக்கிறது. சரக்கு எடுக்க வைத்திருக்கும் பணத்தை இதில் போட்டால் எனக்கு இந்த சீசனே போய்விடும்.

ஆகவே, ஆள் அனுப்பி மீட்டரை நேரில் பார்த்து, பில்லைத் திருத்தித் தர வேண்டுகிறேன். அதுவரை, மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 56(1)-இன்படி, முந்தைய ஆறு மாதச் சராசரித் தொகையை ஆட்சேபணையுடன் கட்டத் தயாராக இருக்கிறேன். அதை வாங்கிக்கொண்டு, இணைப்பைத் துண்டிக்காமல் இருக்க வேண்டும். ஃப்ரீசரில் பாலும் தயிரும் இருக்கிறது; அரை நாள் கரண்ட் இல்லாவிட்டாலும் எல்லாம் கெட்டுவிடும்.

இந்த மனுவைப் பெற்றதற்கு நகலில் தேதியுடன் கையெழுத்திட்டுத் தரவும்.

இணைப்பு: கடைசி ஐந்து பில்களின் நகல், வெள்ளை அட்டை நகல், இன்று எடுத்த மீட்டர் புகைப்படம்.

இப்படிக்கு,
சு. முருகேசன்