ஜூன் மாத ஆர்டர் ஃபனல் அறிக்கை: முகவரிப் பக்கத்தில் நிற்கும் வாடிக்கையாளர்கள்

உரிமையாளர் ஐயாவுக்கும், வெப்சைட், டெலிவரி குழுவினருக்கும்,

ஜூன் 1 முதல் 30 வரை நம் தின்பண்டக் கடையின் வெப்சைட்டுக்கு வந்தவர்கள் எந்தப் படியில் விலகுகிறார்கள் என்று பார்த்தேன். கீழே இருப்பது ஆட்களின் எண்ணிக்கை; ஒருவர் பத்து முறை வந்திருந்தாலும் ஒருவராகவே எண்ணியிருக்கிறேன். படிகளை வரிசையாகக் கடந்தவர்கள் மட்டுமே கணக்கில் வருவார்கள். கடைசி வரியை மட்டும் நம் ஆர்டர் பதிவேட்டிலிருந்து எடுத்தேன், காரணம் பிறகு வருகிறது.

| படி | ஆட்கள் | முந்தைய படியிலிருந்து |
|---|---|---|
| பொருளைப் பார்த்தவர்கள் (`view_item`) | 18,400 | |
| கார்ட்டில் போட்டவர்கள் (`add_to_cart`) | 2,760 | 15% |
| செக்-அவுட் தொடங்கியவர்கள் (`begin_checkout`) | 1,518 | 55% |
| ஓடிபி போட்டு உள்ளே வந்தவர்கள் (`otp_verified`) | 1,214 | 80% |
| முகவரியை முடித்தவர்கள் (`add_shipping_info`) | 728 | 60% |
| பணம் செலுத்தும் முறையைத் தேர்ந்தவர்கள் (`add_payment_info`) | 655 | 90% |
| ஆர்டர் போட்டவர்கள் | 517 | 79% |

பார்த்த உடனே கண்ணில் படுவது அந்த 15%தான். அதை இப்போதைக்கு விட்டுவிடலாம். விளம்பரத்தைத் தட்டி, படத்தைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் அங்கே நிறைய. அவர்கள் வாங்க வந்தவர்களே அல்ல. எனக்கு உறுத்துவது முகவரிப் படி. பொருளைத் தேர்ந்து, போன் நம்பர் கொடுத்து, ஓடிபியும் போட்ட 1,214 பேரில் 486 பேர் அங்கே நின்றுவிட்டார்கள். இவ்வளவு தூரம் வந்தவர் வாங்கும் எண்ணத்தோடுதான் வந்திருப்பார்.

ஃபார்ம் நீளமோ என்றுதான் முதலில் சந்தேகப்பட்டேன். ஆனால் கார்ட் தொகைப்படி பிரித்ததும் வேறு விஷயம் தெரிந்தது. 499 ரூபாய்க்கு மேல் வாங்கிய 574 பேரில் 446 பேர் முகவரியை முடித்திருக்கிறார்கள், அதாவது 78%. அதற்குக் கீழே வாங்கிய 640 பேரில் 282 பேர்தான், வெறும் 44%. இரு தரப்புக்கும் அதே ஃபார்ம், அதே பின்கோடு பெட்டி. வித்தியாசம் சிறிய கார்ட்டுக்கு மட்டும் வரும் 80 ரூபாய் டெலிவரி கட்டணம்தான். அது முதன்முதலாகத் தெரிவதும் அந்தப் பக்கத்தில்தான்.

இரண்டு பாக்கெட் கடலைமிட்டாய் வாங்குகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். கார்ட்டில் 180 ரூபாய் என்று பார்க்கிறார். பின்கோடு போட்டதும் அது 260 ஆகிறது. விலகிய 358 பேரில் 212 பேர் அந்தத் தொகையைப் பார்த்துவிட்டுக் கார்ட்டுக்குத் திரும்பி, எதையும் மாற்றாமல் போய்விட்டார்கள். கட்டணம் கூடுதல் என்பதைவிட, கடைசி நேரத்தில் சொல்கிறோம் என்பதுதான் அவர்களை விரட்டுகிறது என்று நினைக்கிறேன். போனில் கேட்கிறவர்களுக்கு நாம் முதலிலேயே சொல்லிவிடுகிறோமே, வெப்சைட்டில் வருகிறவருக்கும் அந்த மரியாதை வேண்டும்.

ஓடிபி படியில் 304 பேர் விலகியிருக்கிறார்கள். அவர்களில் 188 பேர் "மீண்டும் அனுப்பு" பட்டனை அழுத்தியவர்கள். எஸ்எம்எஸ் தாமதமாகிறதா, எஸ்எம்எஸ் வாசகங்களை முன்கூட்டியே பதியும் டிஎல்டி தளத்தில் நாம் பதிந்த வாசகத்தோடு நாம் அனுப்புவது எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று எஸ்எம்எஸ் சேவையாளரிடம் டெலிவரி பதிவுகளைக் கேட்டு வாங்க வேண்டும். வந்த ஓடிபியைப் போனே நிரப்ப உதவும் `autocomplete="one-time-code"` ஓடிபி பெட்டியில் இல்லை, அதையும் சேர்த்துவிடலாம்.

இப்போது கடைசிப் படி. கூகுள் அனலிட்டிக்ஸ் 458 ஆர்டர் என்கிறது, பதிவேட்டில் 517. காணாமல் போன 59-இல் 51 யுபிஐ ஆர்டர்கள். பணம் கட்ட வேறு ஆப்புக்குப் போகிறவர் அங்கேயே வேலை முடிந்தது என்று நம் பக்கத்துக்குத் திரும்புவதில்லை. `purchase` நிகழ்வோ நன்றிப் பக்கம் திறந்தால்தான் பதிவாகிறது. அனலிட்டிக்ஸ் எண்ணிக்கையை அப்படியே நம்பியிருந்தால் யுபிஐயில் கோளாறு என்று முடிவு கட்டியிருப்போம். பேமெண்ட் கேட்வேயிலிருந்து பணம் வந்த தகவல் கிடைத்ததும் நம் சர்வரே இந்த நிகழ்வை அனுப்பட்டும். இரட்டிப்பாக எண்ணாமலிருக்க இரண்டு வழியிலும் ஒரே `transaction_id` போக வேண்டும்.

முதலில் செய்ய வேண்டியது டெலிவரி கட்டணத்தை முன்னால் கொண்டுவருவது. பொருள் பக்கத்திலேயே "499 ரூபாய் வரை டெலிவரி 80 ரூபாய், அதற்கு மேல் இலவசம்" என்று போடுவோம். கார்ட்டில் இலவச டெலிவரிக்கு இன்னும் எவ்வளவு வாங்க வேண்டும் என்று காட்டுவோம். சிறிய கார்ட்டுக்காரர்களில் 44% என்பது 60% ஆனாலே மாதம் 102 பேர் கூடுதலாக முகவரியைத் தாண்டுவார்கள். இப்போதைய போக்கில் அது ஏறத்தாழ 72 ஆர்டர்.

ஒரு எச்சரிக்கை. கட்டணத்தை முன்கூட்டியே காட்டினால் முகவரிப் படி தானாகவே நன்றாகத் தெரியும், ஏனென்றால் விலகுகிறவர்கள் அதற்கு முன்பே விலகிவிடுவார்கள். அதனால் அந்த ஒரு படியை வைத்து வெற்றி என்று சொல்லக் கூடாது. கார்ட்டில் போட்டவர்களில் எத்தனை பேர் ஆர்டர் போட்டார்கள் என்பதே அளவுகோல். ஜூனில் அது 18.7%. பொருளைப் பார்த்தவர்கள் கார்ட்டில் போடும் 15% குறைகிறதா என்றும் கூடவே பார்க்க வேண்டும்.

வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மட்டும் புதிய பக்கத்தைக் காட்டி 4 வாரம் ஓட்டலாம். தீபாவளி விற்பனை தொடங்குவதற்குள் முடித்துவிட வேண்டும். அந்த நேரத்தில் எல்லோருடைய கார்ட்டும் பெரிதாகிவிடும், ஒப்பிட முடியாது. வெப்சைட் குழு ஒத்துக்கொண்டால் வரும் திங்கட்கிழமையே தொடங்கலாம்.