சான்றிட்ட மொழிபெயர்ப்பு: முதன்முறை வருவோர் கேட்பவை

(பாளையங்கோட்டை அலுவலகத்தில் ஆவணம் கொடுக்கும்போது தரப்படும் தாள்)

கடிதம் என்றால் பக்கத்துக்கு 250 ரூபாய் வாங்குகிறீர்கள். பிறப்புச் சான்றிதழுக்கு மட்டும் 700 ஏன்?

கடிதத்தில் பொருள் விளங்கினால் போதும். சான்றிதழில் முத்திரை, மையொப்பம், ஓரத்தில் கிறுக்கிய எண் எல்லாமே மொழிபெயர்ப்பில் வந்தாக வேண்டும். முத்திரை அழிந்திருந்தால் ‘படிக்க இயலவில்லை’ என்றாவது எழுத வேண்டும். முடித்ததும், மூலத்துக்கு மாறாக எதுவும் இல்லை என்று எங்கள் மொழிபெயர்ப்பாளர் தம் பெயர், முகவரி, தேதியோடு கையெழுத்திடுகிறார். நாளை கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். பணத்தில் பெரும்பகுதி அந்தப் பொறுப்புக்குத்தான்.

ஒரு பக்கத்துக்கு மூன்று நாளா?

எழுதுவதற்கு அவ்வளவு நேரம் ஆகாது. சரிபார்ப்பதில்தான் நாள் போகிறது. ஒருவர் மூலத்தை உரக்க வாசிக்க, இன்னொருவர் எண்களையும் பெயர்களையும் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே வருவார். சொத்துப் பத்திரம் என்றால் இன்னும் கூடும். நம் பக்கத்துப் பழைய பாகப் பத்திரங்களில் ‘கொல்லம் 1098 தை’ என்று மட்டும் இருக்கும். ஆவணியில் பிறக்கும் ஆண்டு அது. மார்கழி நடுவில் ஆங்கில ஆண்டு மாறிவிடுவதால், அதற்கு முன் 824, பின் 825 கூட்ட வேண்டும். ஆகவே அந்தத் தை 1923 தொடக்கத்தில் வருகிறது. மொழிபெயர்ப்பில் கொல்லம் ஆண்டை அப்படியே வைத்து, ஆங்கில ஆண்டைக் குறிப்பாகத் தருவோம். நான்கெல்லைகளும் சர்வே எண்களும் இதே பொறுமையைக் கேட்பவை.

சான்றிதழில் அப்பா பெயர் தவறாக இருக்கிறது. நீங்களே திருத்திவிடக் கூடாதா?

கூடாது. மூலத்தில் உள்ள பிழை மொழிபெயர்ப்பிலும் நிற்கும். சான்றிதழை வழங்கிய அலுவலகத்தில் பிழையைத் திருத்தி வாங்கிக்கொண்டு வாருங்கள். இதே காரணத்தால், 1980இல் கோவில்பட்டியில் பிறந்தவரின் சான்றிதழில் திருநெல்வேலி மாவட்டம் என்றிருந்தால் அப்படியேதான் எழுதுவோம். தூத்துக்குடி மாவட்டம் பிரிந்தது 1986இல். பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலுக்குப் பாஸ்போர்ட் நகல் கட்டாயம். அதைக் கொண்டுவராதவர்களால்தான் பாதித் தாமதம்.

நோட்டரி முத்திரை இருந்தால் போதாதா?

முத்திரை இருப்பதாலேயே நோட்டரி மொழிபெயர்ப்பை ஒப்பிட்டுப் பார்த்தார் என்று ஆகாது. பெரும்பாலும் கையெழுத்திட்டவர் இன்னார் என்பதற்கே அவர் சாட்சி. கனடா போன்ற நாடுகள் மொழிபெயர்ப்பாளரின் உறுதிமொழிப் பத்திரத்தையும் கேட்கலாம். பிரிட்டனுக்கு மொழிபெயர்ப்பாளரின் உறுதிமொழி, கையெழுத்து, தேதி, தொடர்பு விவரம் வேண்டும். எந்த நாட்டுக்கு, எந்த அலுவலகத்துக்கு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தேவையில்லாத நோட்டரிக் கட்டணமாவது மிஞ்சும்.

அவசரம், நாளைக்கே வேண்டும்.

ஒரு பக்கச் சான்றிதழ் என்றால் பாதிக் கட்டணம் கூடுதலாகக் கொடுத்து மறுநாள் மாலை வாங்கிக்கொள்ளலாம். பத்திரங்களுக்கு அவசர வேலை எடுப்பதில்லை, யார் சிபாரிசோடு வந்தாலும்.