பொருள்: கோல நோட்டு – 98 பக்கங்களில் 24 மட்டும், 140 × 140 மி.மீ. அளவில் வெட்டி, 60 பிரதிகள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். சனிக்கிழமை கும்பகோணம் வந்து, உங்கள் கடையில் பென் டிரைவைக் கொடுத்துவிட்டுப் போன பூங்கொடி எழுதுகிறேன். எல்லாவற்றையும் மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள், பையன்கள் அதைப் பார்த்தே வேலை செய்வார்கள் என்று சொன்னீர்கள். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதியிருக்கிறேன். வேலையைத் தொடங்கும் முன் ஒருமுறை முழுவதும் படித்துவிடச் சொல்லுங்கள்.

பென் டிரைவில் amma_kolam_full.pdf என்ற ஒரே கோப்பு இருக்கிறது. என் அம்மாவின் 96 பக்கக் கட்டம் போட்ட நோட்டை, முன்னட்டையிலிருந்து பின்னட்டை வரை ஸ்கேன் செய்தது. மொத்தம் 98 பக்கங்கள். அதில் எனக்கு வேண்டியவை இந்த 24 பக்கங்கள் மட்டுமே:

```
5-9,12,15-18,23,26-27,31-34,43-45,52,60,71,88
```

அச்சிடும்போது Pages என்ற பெட்டியில் இதை அப்படியே ஒட்டிவிடலாம். இந்த எண்கள் எல்லாம் திரையில் தெரியும் பிடிஎஃப் பக்க எண்கள். அம்மா தாளின் மூலையில் கையால் எழுதியிருக்கும் எண்கள் வேறு. முன்னட்டையும் அதன் உட்புறமும் சேர்ந்துகொண்டதால், 42ஆம் பக்கம் வரை அம்மாவின் எண் இரண்டு குறைவாக இருக்கும். நான் 33 என்று சொல்லும் பக்கத்தின் மூலையில் 31 என்று எழுதியிருக்கும். நோட்டின் 41, 42ஆம் பக்கங்கள் இருந்த ஒரு தாள் எப்போதோ கிழிந்து போய்விட்டது. அதனால் 43ஆம் பக்கத்திலிருந்து இரண்டு எண்களும் ஒன்றாகிவிடும். குழப்பம் வந்தால் மூலையைப் பார்க்க வேண்டாம், திரையைப் பாருங்கள்.

24 பக்கங்களை மட்டும் தனியாகப் பிரித்தே கொடுத்திருக்கலாமே என்று கேட்டீர்கள். பிரித்துப் பார்த்தேன் ஐயா. நான் பயன்படுத்திய செயலி கோப்பைச் சுருக்கிவிட்டது. பேனாக் கோடுகள் நின்றன, பென்சில் புள்ளிகள் பாதி மறைந்துவிட்டன. புள்ளி இல்லாத கோலத்தை வைத்துக்கொண்டு யாரும் எதையும் கற்க முடியாது. அதனால்தான் முழுக் கோப்பையே கொடுத்தேன்.

இனி அளவு. வெட்டி முடிந்த புத்தகம் 140 மி.மீ. அகலம், 140 மி.மீ. உயரம், சரியான சதுரம். நோட்டுத் தாள் 155 × 190 மி.மீ. அதைச் சுருக்கி இந்தச் சதுரத்துக்குள் அடக்கக் கூடாது. நூறு விழுக்காட்டில் அப்படியே வைத்து, வேண்டாத ஓரங்களை வெட்டிவிட வேண்டும். அச்சு அமைப்பில் Actual size இருக்கட்டும். Fit வேண்டாம், Shrink oversized pages வேண்டாம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சென்ற மாதம் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் மாதிரிக்கு ஒரு பிரதி கேட்டேன். 98 பக்கங்களையும் அச்சிட்டு, அதையும் சிறிய தாளுக்குள் பொருந்தும்படி சுருக்கிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் அம்மா வைத்த புள்ளிகள் ஏழு மில்லிமீட்டருக்கு வந்துவிட்டன. அம்மா எங்கள் தெருக் குழந்தைகளுக்குக் கோலம் சொல்லிக்கொடுத்தது இந்த நோட்டை வைத்துத்தான். குழந்தை ஆள்காட்டி விரலைப் புள்ளிகளுக்கு நடுவே வைத்து, கோடு போகும் வழியிலேயே இழுத்துக்கொண்டு போக வேண்டும். கை பழகியபிறகுதான் மாவு. நானும் அப்படிக் கற்றவள்தான். ஏழு மில்லிமீட்டர் சந்தில் விரல் போகாது. அதனால் கட்டம் ஒரு சென்டிமீட்டராகவே இருக்க வேண்டும், இதில் என்னால் விட்டுக்கொடுக்க முடியாது.

சரிபார்க்க எளிய வழி, 33ஆம் பக்கம். நோட்டில் இருப்பவற்றிலேயே பெரிய ஒற்றைப்பக்கக் கோலம் அது, 13 புள்ளியில் தொடங்கி 7இல் முடியும் இடைப்புள்ளி. நடு வரிசையின் முதல் புள்ளியிலிருந்து பதின்மூன்றாம் புள்ளி வரை அடிக்கோல் வைத்தால் சரியாக 12 செ.மீ. வர வேண்டும். வெளிப்புள்ளிகளைச் சுற்றி வளையும் கோடுகளையும் சேர்த்தால் கோலம் 13 செ.மீ. ஆகும். ஆக, 140 மி.மீ. சதுரத்தில் பக்கத்துக்கு ஐந்து மில்லிமீட்டர்தான் மிச்சம். கட்டிங் மெஷினில் ஒரு மில்லிமீட்டர் முன்பின் ஆனால் தாங்கும். மூன்று ஆனால் பார்வைக்கே கோலம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

சதுரத்தை எங்கே வைப்பது என்பதற்குப் பொது விதி: கோலத்தின் நடு, தாளின் நடுவில் வர வேண்டும். அம்மா சில பக்கங்களில் மேலே தள்ளியும் சிலவற்றில் கீழே தள்ளியும் போட்டிருப்பதால், எல்லாப் பக்கத்துக்கும் ஒரே இடத்தில் வெட்டினால் சரிவராது. பக்கத்துக்குப் பக்கம் பார்த்துத்தான் வைக்க வேண்டியிருக்கும். நோட்டின் பழுப்பு நிறம் ஓரம் வரை போவதால், சுற்றிலும் மூன்று மி.மீ. கூடுதலாக, 146 மி.மீ. சதுரமாக எடுத்து, பிறகு வெட்டுங்கள். இல்லாவிட்டால் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும். பழுப்பை நீக்கி வெளுப்பாக்க வேண்டாம். பளிச்சென்று ஆக்கும் எந்த அமைப்பையும் போட வேண்டாம், பென்சில் புள்ளிகள் அதில்தான் போகும். செம்மண் ஓரத்துக்கு அம்மா சிவப்பு மை போட்டிருக்கிறார். அதனால் 24 பக்கமும் கலரில்தான் வேண்டும்.

மூன்று இடங்களில் மட்டும் இந்தப் பொது விதி பொருந்தாது.

முதலாவது, 26, 27ஆம் பக்கங்கள். இவை இரண்டு கோலங்கள் அல்ல, ஒரே கோலம். நோட்டை விரித்து வைத்து, இடது பக்கத்தில் பத்துப் புள்ளி, வலது பக்கத்தில் பத்துப் புள்ளி என்று 20 புள்ளி நேராக, 12 வரிசைக்கு அம்மா போட்ட சிக்குக் கோலம். ஒரே கம்பி நடு மடிப்பை எத்தனையோ தடவை கடந்து போய்த் திரும்புகிறது. ஸ்கேனில் அது இரண்டாகப் பிரிந்துவிட்டது. நான் கொடுத்த வரிசையில் எண்ணிப் பார்த்தால் இவை புத்தகத்தின் 12, 13ஆம் பக்கங்களாக வரும். 24 பக்கப் புத்தகத்தில் நடுத்தாள் அதுதான். சென்டர் பின் அடிக்கும் தாள், நடுவில் ஒட்டோ வெட்டோ இல்லாமல் முழுத் தாளாக விரிகிற ஒரே இடம். எந்த 24 பக்கம் என்று முடிவுசெய்ய எனக்கு மூன்று இரவுகள் ஆனது இதற்காகத்தான். முன்னால் ஒரு பக்கம் கூடினாலோ குறைந்தாலோ இந்தக் கோலம் இரண்டு தாளாக உடைந்துவிடும். ஆகையால் தயவுசெய்து, நன்றாக இருக்கிறதே என்று வேறு எந்தப் பக்கத்தையும் நடுவில் சேர்க்க வேண்டாம்.

இந்த இரண்டு பக்கங்களுக்கு மட்டும் சதுரத்தைக் கோலத்தின் நடுவிலிருந்து அளக்காமல், மடிப்பிலிருந்து வெளியே 140 மி.மீ. அளந்து வையுங்கள். மடிப்புப் பக்கம் கூடுதல் மூன்று மி.மீ. வேண்டாம். இரண்டு பாதியும் சேரும் இடத்தில் பத்தாம் புள்ளிக்கும் பதினொன்றாம் புள்ளிக்கும் நடுவே அதே ஒரு சென்டிமீட்டர் இருக்க வேண்டும், கோடுகள் ஒன்றோடொன்று தொட வேண்டும். ஸ்கேனில் வலது பக்கம் ஒரு நூல் இறங்கியிருப்பதுபோல் எனக்குத் தெரிகிறது. டிடிபி செய்யும் தங்கை வரிசைகளை வைத்துச் சரிசெய்துவிட்டால் போதும்.

இரண்டாவது, 52. கோலத்தின் கீழே கணக்கு எழுதியிருக்கும் பக்கங்களில் அந்தக் கணக்கு வெட்டுப்பட்டுப் போகட்டும். பாதி எழுத்து ஓரத்தில் தங்கினால் தாளின் நிறத்தையே போட்டு மறைத்துவிடுங்கள். ஆனால் 52இல் மட்டும் கோலம் ஏழு புள்ளிதான், அதன் கீழே அம்மா ஒரு வரி எழுதியிருக்கிறார்: "மார்கழி 1, பால் அரை லிட்டர் கூட, பூசணிப் பூ இரண்டு." அந்த வரி எனக்கு வேண்டும். சதுரத்தை இரண்டு சென்டிமீட்டர் கீழே இறக்கினால் கோலமும் வரியும் சேர்ந்து அடங்கிவிடும். நான் தாளில் சதுரம் வெட்டி வைத்துப் பார்த்துவிட்டேன்.

மூன்றாவது, 88. இந்தப் பக்கத்தில் புள்ளிகள் மட்டும்தான் இருக்கும், கோடு இருக்காது. ஸ்கேன் பிசகிவிட்டது என்றோ, வெற்றுப் பக்கம் என்றோ யாராவது நினைத்து விட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். 11 புள்ளி, 6 வரை இடைப்புள்ளி. அம்மா புள்ளி வைத்தார், கோடு இழுக்கவில்லை. அதற்குப் பிறகு நோட்டில் எதுவும் இல்லை. புத்தகத்தின் கடைசிப் பக்கமாக அது அப்படியே வர வேண்டும். தாளில் பென்சில் அழுத்திய பள்ளம்கூடத் தெரிகிறது, கலர் அச்சில் அது கொஞ்சமாவது வந்தால் மகிழ்வேன்.

60ஆம் பக்கத்தை மட்டும் தலைகீழாகத் திருப்ப வேண்டும். குத்துவிளக்குக் கோலம் அது. நோட்டைத் திருப்பிப் பிடித்துப் போட்டிருக்கிறார், இப்போது சுடர் கீழே பார்க்கிறது.

தாள் 100 ஜிஎஸ்எம் மேப்லித்தோ. ஆர்ட் பேப்பர் வேண்டாம், விளக்கு வெளிச்சத்தில் பளபளக்கும். குழந்தைகள் பென்சிலால் எழுதவும் முடியாது. அட்டை 250 ஜிஎஸ்எம், மேட் லேமினேஷன். அட்டைக்கான கோப்பை இந்த அஞ்சலோடு இணைத்திருக்கிறேன். மடித்து, இரண்டு பின் அடித்து, அதன்பிறகு மூன்று பக்கமும் வெட்டுங்கள். முதலிலேயே தாளை வெட்டிவிட்டு மடித்தால் உள்தாள்கள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். 12க்கு 18 அங்குலத் தாளில் மூன்று விரிப்புகள் அடங்குவதால் ஒரு பிரதிக்கு உள்பக்கங்களுக்கு இரண்டு தாள், 60க்கு 120 தாள், அட்டைக்கு 20 என்பது என் கணக்கு. கழிவுக்கு எத்தனை சேர்ப்பீர்கள் என்பதையும் சேர்த்து மொத்தத் தொகையைச் சொல்லுங்கள். பாதியை உடனே அனுப்பிவிடுகிறேன்.

60ஐயும் ஓட்டும் முன் ஒரே ஒரு பிரதி அடித்து, பின் அடித்து, வெட்டி வையுங்கள். நானே பஸ் ஏறி வந்து பார்த்துவிடுகிறேன். 33இல் 12 செ.மீ., நடுத்தாளில் கம்பி சேர்வது, 88இல் புள்ளி தெரிவது, இந்த மூன்றும் சரியாக இருந்தால் அங்கேயே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

மற்ற 74 பக்கங்களில் வீட்டுக் கணக்கும், யாருக்கோ எழுதத் தொடங்கி அனுப்பாமல் விட்ட கடிதமும் இருக்கின்றன. அவை அம்மாவுக்கே உரியவை. வேலை முடிந்ததும் உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து முழுக் கோப்பையும் அழித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். பென் டிரைவை நான் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

புத்தகங்கள் டிசம்பர் 12ஆம் தேதிக்குள் கையில் இருந்தால் நல்லது. மார்கழி முதல் நாள் டிசம்பர் 16. போன ஐப்பசியில் அம்மா போனார். சென்ற மார்கழி முழுவதும் எங்கள் வாசல் வெறுமையாகவே கிடந்தது. இந்த ஐப்பசியில் வருடத் திதி முடிந்துவிட்டது. முதல் நாள் விடியற்காலை எங்கள் தெருவில் கோலம் போடும் எல்லா வீட்டுக்கும் ஒன்று கொடுக்க வேண்டும் என்று எண்ணியிருக்கிறேன்.

சந்தேகம் எதுவானாலும் எந்த நேரமும் அழையுங்கள். என் எண் உங்கள் ரசீதுப் புத்தகத்தில் இருக்கிறது.

அன்புடன்,
வே. பூங்கொடி
மயிலாடுதுறை

இணைப்பு: kolam_attai.pdf