கூற்று–காரணம்: பதினோராம் வகுப்பு பொருளியல் பயிற்சித் தாள், விளக்கங்களுடன்

மன்னார்குடி வட்டாரத்திலிருந்து அரையாண்டுத் தேர்வு எழுதப்போகும் மாணவர்களுக்காக எழுதப்பட்டது. உங்கள் வீட்டுக் களத்திலும் கொள்முதல் நிலையத்திலும் நீங்கள் பார்ப்பவற்றையே கேள்விகளாக்கியிருக்கிறேன்.

விடை முறை எல்லாக் கேள்விகளுக்கும் ஒன்றே:

(அ) கூற்றும் காரணமும் சரி. காரணம் கூற்றை விளக்குகிறது
(ஆ) இரண்டும் சரி. ஆனால் காரணம் கூற்றை விளக்கவில்லை
(இ) கூற்று சரி, காரணம் தவறு
(ஈ) கூற்று தவறு, காரணம் சரி

முதலில் காரணத்தைக் கையால் மறைத்துக்கொண்டு கூற்றை மட்டும் படியுங்கள். சரியா தவறா என்று முடிவு செய்யுங்கள். பிறகு கூற்றை மறைத்துவிட்டுக் காரணத்தைப் படியுங்கள். இரண்டும் சரி என்று தெரிந்த பிறகே மூன்றாவது வேலை தொடங்குகிறது: கூற்றுக்குப் பின் ‘ஏனெனில்’ என்று போட்டுக் காரணத்தைச் சேர்த்து வாசித்துப் பாருங்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்கூட இந்த மூன்றாவது வேலையைச் செய்யாமல் (அ) என்று எழுதிவிடுகிறார்கள்.

1.
கூற்று: மேட்டூர் அணை திறப்பு தள்ளிப்போனால், டெல்டாவின் குறுவை நெல் அளிப்புக் கோடு இடப்பக்கம் நகரும்.
காரணம்: பொருளின் விலை தவிர்த்த மற்ற காரணிகள் மாறும்போது அளிப்புக் கோடே இடம்பெயர்கிறது.

விடை: (அ). அணை திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. அன்று தண்ணீர் வராவிட்டால், பம்புசெட் இல்லாத கடைமடை விவசாயி குறுவையையே விட்டுவிட்டு நேரே சம்பாவுக்குப் போகிறார். நெல் விலை அப்படியே இருந்தும் அளிப்பு குறைகிறது. விலை மாறினால் அதே கோட்டின் மீது மேலும் கீழும் நகர்வோம்; தண்ணீர் மாறினால் கோடே நகரும். இந்த வேறுபாட்டை வரைபடம் போட்டுப் பழகுங்கள்.

2.
கூற்று: சம்பா அறுவடை டெல்டா முழுவதும் ஒரே சமயத்தில் நடக்கும்போது வெளிச்சந்தையில் நெல் விலை இறங்குகிறது.
காரணம்: நெல்லுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலையை மத்திய அரசு அறிவிக்கிறது.

விடை: (ஆ). கூற்று சரி; தை, மாசியில் நீங்களே பார்க்கிறீர்கள். காரணமும் சரி: 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை, சாதாரண ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். ஆனால் ‘ஏனெனில்’ போட்டுப் பாருங்கள். ஆதரவு விலை அறிவிப்பதால் சந்தை விலை இறங்குகிறது என்று ஆகிவிடும். ஆதரவு விலையின் நோக்கமே இறங்கும் விலையைத் தாங்கிப் பிடிப்பதுதான்.

அப்படியானால் உண்மையான காரணம் என்ன? அளிப்பு ஒரே நேரத்தில் பெருகுகிறது. அரிசிக்கான தேவையோ நெகிழ்ச்சி குறைந்தது. விலை பத்து சதவீதம் இறங்கியதற்காக எந்த வீட்டிலும் மூன்று வேளைச் சோற்றை நான்கு வேளையாக்குவதில்லை. அளிப்புக் கோடு வலப்பக்கம் நகர்ந்து, செங்குத்தான தேவைக் கோட்டை வெட்டும்போது விலை வேகமாகச் சரிகிறது. விலை சரியும் விகிதம் விளைச்சல் கூடும் விகிதத்தை மிஞ்சினால், அமோக விளைச்சலிலேயே விவசாயிகளின் மொத்த வருவாய் குறைந்துவிடும். எனக்குத் தெரிந்து இந்தப் பாடப்பகுதியில் இதைவிட வேதனையான முடிவு வேறில்லை. இதை மனப்பாடம் செய்யாதீர்கள், புரிந்துகொள்ளுங்கள்.

விவசாயி ஏன் காத்திருந்து விற்கக்கூடாது என்று சிலர் கேட்கலாம். சேமிக்க இடம் வேண்டும். அறுவடை இயந்திர வாடகை, உரக்கடைப் பாக்கி, நகைக்கடன் மூன்றும் அறுவடை நாளையே பார்த்துக் காத்திருக்கும். மழை பிடித்துக்கொண்டால் ஈரப்பதம் 17 சதவீத வரம்பைத் தாண்டிவிடும். தளர்வு அறிவிக்கப்பட்டால் ஒழியக் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். காத்திருக்க முடியாதவர் கிடைக்கும் விலைக்குத் தருகிறார்.

3.
கூற்று: ஆதரவு விலையைவிடக் குறைந்த விலைக்கும் வெளிச்சந்தையில் நெல் விற்பனையாவது உண்டு.
காரணம்: ஆதரவு விலைக்குக் கீழே தனியார் வணிகர் நெல் வாங்குவது நாடு முழுவதும் சட்டப்படி குற்றம்.

விடை: (இ). அது அரசு தன் கொள்முதலுக்கு அறிவிக்கும் விலை. வேளாண் செலவுகள் மற்றும் விலைகள் ஆணையம் பரிந்துரைக்கிறது, மத்திய அமைச்சரவை முடிவெடுக்கிறது. தனியாரைக் கட்டுப்படுத்தும் மத்தியச் சட்டம் இல்லை. கரும்பு விலையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். கரும்புக்கான நியாயமான மற்றும் ஆதாய விலைக்கு 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை மூலம் சட்ட வலு உண்டு. அதற்குக் குறைவாக ஆலைகள் தரமுடியாது.

4.
கூற்று: நிலத்தின் அளவு மாறாதிருக்க, யூரியாவை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்குப் பின் இறுதிநிலை உற்பத்தி குறையும்.
காரணம்: நீண்ட காலத்தில் எல்லா உற்பத்திக் காரணிகளும் மாறக்கூடியவை.

விடை: (ஆ). முதல் மூட்டை யூரியாவால் கூடுதலாக 5 மூட்டை நெல், இரண்டாவதால் 3, மூன்றாவதால் 1 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 5, 8, 9 என்று ஏறுகிறது, இறுதிநிலை இறங்குகிறது. நிலம் மாறாதிருப்பதே இதற்குக் காரணம். அதாவது, இது குறுகிய கால விதி. காரணத்தில் சொல்லப்பட்டிருப்பதோ நீண்ட காலம். ‘காலம்’ எது என்று முதலில் பாருங்கள்.

5.
கூற்று: ரிக்கார்டோவின் கோட்பாட்டின்படி, நில வாரம் உயர்வதால்தான் தானிய விலை உயர்கிறது.
காரணம்: தானிய விலை விளிம்புநிலை நிலத்தின் உற்பத்திச் செலவுக்குச் சமமாக அமைகிறது, அந்நிலத்துக்கு வாரம் இல்லை.

விடை: (ஈ). ரிக்கார்டோ 1817இல் சொன்னது நேர்மாறானது: விலை உயர்வதால் வாரம் உயர்கிறது. ஆற்றுப் படுகை வண்டல் நிலத்தையும் கடலோர உப்பு மண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே உழைப்புக்கு வண்டல் நிலம் தரும் உபரிதான் வாரம். அந்த உபரி விலைக்குள் நுழைவதில்லை. காரணத்திலேயே சரியான விடை ஒளிந்திருக்கிறது.

6.
கூற்று: உயிர் வாழத் தேவையான தண்ணீரின் விலை வைரத்தின் விலையைவிடக் குறைவு.
காரணம்: விலையைத் தீர்மானிப்பது மொத்தப் பயன்பாடு அன்று, இறுதிநிலைப் பயன்பாடே.

விடை: (அ). ஏராளமாக இருப்பதில் கடைசி அலகின் மதிப்பு சிறியது. முறைப் பாசனம் வைக்கும் வாரத்தில் வாய்க்கால் தண்ணீரின் மதிப்பு எப்படி ஏறுகிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

7.
கூற்று: இலவச மின்சார இணைப்புள்ள விவசாயிக்கு, பம்புசெட்டைக் கூடுதலாக ஒரு மணி நேரம் ஓட்டுவதன் தனியார் இறுதிநிலைச் செலவு பூஜ்ஜியத்தை நெருங்கும்.
காரணம்: அந்தக் கூடுதல் ஒரு மணி நேரத்தால் சமூகத்துக்கும் எந்தச் செலவும் இல்லை.

விடை: (இ). மின்சாரத்துக்கு அரசு மானியம் தருகிறது, அது வரிப்பணம். நிலத்தடி நீர்மட்டம் இறங்கினால் பக்கத்து வயல்காரர் இன்னும் ஆழமாகத் துளையிட வேண்டும். வேதாரண்யம் போன்ற கடலோரப் பகுதிகளில் அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு நீர் உள்ளே ஏறும். இது எதிர்மறைப் புறவிளைவு. இலவச மின்சாரம் கூடாது என்று யாரும் இதிலிருந்து முடிவுகட்ட வேண்டாம். கால்வாய்த் தண்ணீர் எட்டாத சிறு விவசாயிக்கு அதுதான் பிடிமானம். கேள்வி கேட்பது ஒன்றே ஒன்று: தனியார் செலவும் சமூகச் செலவும் சமமா? இல்லை. ஆகவே காரணம் தவறு.