பொருள்: ஏ பிளாக் 3-08 வீடு, சாவி தாமதம் – அக்டோபர் 31-க்குள் ஒப்படைக்கக் கேட்டு

2 செப்டம்பர் 2025
சுங்கை சிப்புட், பேராக்

வாடிக்கையாளர் பிரிவு மேலாளர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் ஆபிசுக்கு வந்தபோது, "தமிழிலேயே எழுதி அனுப்புங்கள், மேலிடத்துக்கு நானே மலாயில் மாற்றிக் கொடுத்துவிடுகிறேன்" என்று சொன்னீர்கள். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். தயவு செய்து இதை முழுதாக மேலே கொண்டு போங்கள், சுருக்கிச் சொல்ல வேண்டாம்.

ஏ பிளாக் 3-08 வீட்டை நான் 146,000 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். 2021 நவம்பர் 15-இல் உங்கள் விற்பனை அலுவலகத்தில் 1,000 ரிங்கிட் முன்பணம் கட்டி ரசீது வாங்கினேன், 2022 ஜனவரி 20-இல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டோம். அடுக்குமாடி வீடுகளுக்கு அரசாங்கம் வகுத்திருக்கும் 'எச்' அட்டவணை ஒப்பந்தம்தான் அது, நானோ நீங்களோ சொந்தமாக எழுதியது இல்லை. அதில் 25-வது விதியைப் பாருங்கள். ஒப்பந்தத் தேதியிலிருந்து 36 மாதத்துக்குள் வீட்டை ஒப்படைக்க வேண்டும், முடியாவிட்டால் ஒப்படைக்கும் நாள் வரை வீட்டு விலையில் ஆண்டுக்கு 10 விழுக்காடு, நாள் கணக்கில் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. அதன்படி 2025 ஜனவரி 20-க்குள் சாவி என் கையில் இருந்திருக்க வேண்டும்.

நேற்று முன்தினம், மெர்டேக்கா நாளன்று, அப்பாவையும் கூட்டிக்கொண்டு கட்டுமான இடத்துக்குப் போனேன். வெளியிலிருந்து பார்த்தால் பெயிண்ட் அடித்து முடித்த கட்டடம், பார்க்கிறவர்கள் அடுத்த வாரமே குடி போகலாம் என்று நினைப்பார்கள். ஆனால் பின்பக்கம் கால்வாய் பாதியில் நிற்கிறது, உள்சாலைக்கு இன்னும் தார் போடவில்லை, மின்சாரத் துணை நிலையத்துக்குக் கட்டிய அறை காலியாகக் கிடக்கிறது. ஆள் நடமாட்டமே இல்லை. விடுமுறை நாள் என்பதால் அப்படி இருக்கலாம் என்று நினைத்துக் காவலாளியிடம் கேட்டேன், இரண்டு மாதமாக வாரத்தில் ஒருநாள் இரண்டு நாள்தான் ஆட்கள் வருகிறார்கள் என்றார்.

அவர் சொன்னதை நான் அப்படியே நம்பக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் கட்டடக் கலைஞரின் சான்றிதழோடு வங்கிக்கு பில் அனுப்புவீர்கள், அதன் நகல் எனக்கும் வரும். அஸ்திவாரம், தூண் தளம், சுவர், கூரையோடு ஒயரிங்கும் தண்ணீர்க் குழாயும், கடைசியாக உள்பூச்சு வெளிப்பூச்சு. இதுவரை விலையில் 55 விழுக்காட்டை வங்கி உங்களுக்குக் கட்டியாகிவிட்டது. பூச்சு வேலைக்கான பில் பிப்ரவரியில் வந்தது. அதற்குப் பிறகு கழிவுநீர்க் குழாய், கால்வாய், சாலை என்று எதற்கும் ஒரு பில்கூட வரவில்லை. வேலை நடந்தால் பில் வரும். பில் வரவில்லை என்றால் வேலை நடக்கவில்லை என்றுதானே அர்த்தம்? போனில் கேட்கும்போதெல்லாம் "90 விழுக்காடு முடிந்துவிட்டது" என்ற பதிலே வருகிறது, மார்ச்சிலும் அதே 90, ஆகஸ்டிலும் அதே 90.

இந்தத் தாமதம் எங்களுக்கு என்ன செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வங்கி கொடுத்த பணத்துக்கு மாதம் ஏறக்குறைய 280 ரிங்கிட் வட்டி மட்டும் கட்டுகிறேன், அசலில் ஒரு காசு குறையாது. அதன் மேல் வாடகை 550. அப்பா முப்பத்தொரு வருஷம் தோட்டத்தில் வேலை பார்த்தவர், முதலில் பால் மரம், அப்புறம் செம்பனை. ஓய்வு பெற்றதும் தோட்டத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். ஜனவரியில் புது வீடு கிடைத்துவிடும் என்று உங்கள் ஒப்பந்தத்தை நம்பித்தான் நிர்வாகத்திடம் தேதி சொல்லிக் காலி பண்ணினோம். இப்போது கடைத்தெரு மாடியில் இரண்டு அறையில் ஐந்து பேர் இருக்கிறோம், படி ஏற முடியாமல் அம்மா வாரக்கணக்கில் கீழே இறங்குவதே இல்லை. வங்கிக் கடன் போக நாங்கள் கையிலிருந்து கட்டியதில் பெரும்பகுதி அம்மாவின் ஈபிஎஃப் பணம்.

சரி, கணக்குக்கு வருகிறேன். 146,000-இல் 10 விழுக்காடு 14,600 ரிங்கிட், அதை 365-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்குச் சரியாக 40 ரிங்கிட். 2025 ஜனவரி 21 முதல் ஆகஸ்டு 31 வரை 223 நாள், அது 8,920 ரிங்கிட். ஆனால் முன்பணம் கட்டிய நாளிலிருந்துதான் காலத்தைக் கணக்கிட வேண்டும் என்று கூட்டரசு நீதிமன்றம் 2021 ஜனவரியில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அப்படிப் பார்த்தால் கெடு 2024 நவம்பர் 15-லேயே முடிந்துவிட்டது, இன்னும் 66 நாள் கூடுகிறது. மொத்தம் 289 நாள், 11,560 ரிங்கிட். நான் கேட்பது இந்தத் தொகையைத்தான். சாவி கொடுக்கும் நாள் வரை தினமும் 40 ரிங்கிட் இதில் சேர்ந்துகொண்டே போகும்.

ஆகஸ்டு மாதம் நீங்கள் அனுப்பிய கடிதத்தில், 2026 மார்ச் வரை கால நீட்டிப்புக்குச் சம்மதிக்கிறேன், இழப்பீடு கேட்க மாட்டேன் என்று கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறீர்கள். அதில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் சிலர் போட்டிருக்கலாம், அது அவர்கள் முடிவு. ஆள் பற்றாக்குறை, சாமான் விலையேற்றம் என்று அதில் எழுதியிருப்பது உண்மையாகவே இருக்கட்டும், நான் வங்கிக்குத் தவணை தவறினால் அவர்கள் என் கஷ்டத்தைக் கேட்பார்களா? கால நீட்டிப்புக்கு அமைச்சிடமிருந்து ஏதாவது அனுமதி உங்களிடம் இருந்தால் அந்தக் கடிதத்தின் நகலை எனக்கு அனுப்புங்கள். இல்லையென்றால் என்னைப் பொறுத்தவரை தேதி ஒப்பந்தத்தில் உள்ளதுதான்.

எனக்கு வேண்டியது இதுதான். 2025 அக்டோபர் 31, வெள்ளிக்கிழமைக்குள் வீட்டை ஒப்படையுங்கள். தீபாவளி அக்டோபர் 20, அதைப் புது வீட்டில் கொண்டாடும் ஆசையை விட்டுவிட்டோம், அதனால் நான் முடியாத தேதியைக் கேட்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஒப்படைப்பு என்றால், கட்டடம் குடியேறத் தகுதியானது என்று காட்டும் சிசிசி சான்றிதழோடு, தண்ணீரும் மின்சாரமும் இணைக்கத் தயாரான நிலையில். சிசிசி இல்லாமல் சாவியை மட்டும் கையில் கொடுத்தால் வாங்கிக்கொள்ள மாட்டேன். இழப்பீட்டுத் தொகையும் அதே நாளில் வர வேண்டும். இந்தத் தேதிக்கு முடியுமா என்பதையும், கால்வாய், சாலை, மின்சாரம் ஒவ்வொன்றும் எந்த வாரம் முடியும் என்பதையும் செப்டம்பர் 15-க்குள் எழுத்தில் சொல்லுங்கள். போனில் வேண்டாம்.

பதில் வரவில்லை என்றால் வீடு வாங்குபவர் நடுவர் மன்றத்தில், அதாவது திரிபுனால் துந்துத்தான் பெம்பெலி ருமாவில், வழக்குப் போடுவேன். 50,000 ரிங்கிட் வரை அங்கே கோரலாம், கட்டணம் 10 ரிங்கிட்தான், வக்கீல் வைக்கத் தேவையில்லை. உங்களோடு சண்டை போட எனக்கு ஆசை இல்லை ஐயா, நீங்கள் மரியாதையாகத்தான் பேசுகிறீர்கள், அதை மறக்கவில்லை. ஆனால் இன்னொரு முறை "அடுத்த மாதம்" என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்ல என்னால் முடியாது.

ஒப்பந்தத்தின் நகல், முன்பண ரசீது, பிப்ரவரி பில், மெர்டேக்கா நாளன்று எடுத்த பதினான்கு படங்கள் எல்லாம் இதோடு இணைத்திருக்கிறேன். மின்னஞ்சல் கிடைத்ததும் ஒரு வரி பதில் போடுங்கள்.

நன்றி.

குமரவேல்
ஏ பிளாக் 3-08