ஜூலை 1 முதல் அட்டைப்பெட்டி விலையில் மாற்றம்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளருக்கு,

வணக்கம். ஜூலை 1 முதல் நாங்கள் போடும் இன்வாய்ஸ்களில் அட்டைப்பெட்டிகளின் விலை 6 சதவீதம் கூடுகிறது. அச்சுக் கட்டணத்திலும் டெலிவரி கட்டணத்திலும் மாற்றமில்லை.

கிராஃப்ட் காகிதத்தின் கொள்முதல் விலை கடந்த சில மாதங்களாக ஏறிக்கொண்டே வருகிறது. இதுவரை அந்தச் சுமையை நாங்களே தாங்கினோம், இனி முடியவில்லை. காகிதத்தின் கனத்தைக் குறைத்துப் பழைய விலையிலேயே கொடுத்திருக்கலாம். ஆனால் அடுக்கி வைக்கும்போது அடிப்பெட்டி நசுங்கினால் நஷ்டம் உங்கள் சரக்குக்குத்தான். அதனால் தரத்தில் கை வைக்கவில்லை.

ஜூன் 30 மாலைக்குள் உறுதி செய்யும் ஆர்டர்களுக்குப் பழைய விலைதான், சரக்கு ஜூலையில் வந்து சேர்ந்தாலும். ஏற்கெனவே அனுப்பிய இன்வாய்ஸ்களில் எதுவும் மாறாது. ஆண்டு ஒப்பந்தம் போட்டிருப்பவர்களுக்கு, ஒப்பந்தம் முடியும்வரை அதில் உள்ள விலையே. பணம் செலுத்த 30 நாள் அவகாசமும் அப்படியே தொடரும்.

செலவைக் குறைக்க ஒரு வழியும் உண்டு. பெட்டியின் அளவைச் சற்றே மாற்றினால், வெட்டும்போது வீணாகும் அட்டை குறையும். சில அளவுகளில் இந்த உயர்வில் பெரும்பகுதி அதிலேயே ஈடாகிவிடும். உங்கள் மாதிரிப் பெட்டியை அனுப்பினால் கட்டணமில்லாமல் கணக்கிட்டுத் தருகிறோம். புதிய விலைப்பட்டியலை இத்துடன் இணைத்துள்ளோம். சந்தேகம் இருந்தால், வழக்கமாக உங்கள் ஆர்டரை எடுப்பவரிடமே பேசலாம்.

இத்தனை காலம் எங்களிடம் வாங்கி ஆதரித்து வருவதற்கு மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
நிர்வாகப் பங்குதாரர்